அத்தியாயம் 6: மல்லாட்டையா, வேர்க்கடலையா? தலைப்பு, குறிப்பு, பகுதிப் பெயர் எழுதும் முறை

விழுப்புரம் பக்கத்துப் பனமலையில் அடுப்படியில் நிற்கும் ஒருவர் வாயில் இயல்பாக வரும் சொல் மல்லாட்டை. திண்டிவனச் சந்தையில் அதுவே மணிலா. வேளாண்மைத் துறையின் துண்டறிக்கையில் நிலக்கடலை. சென்னை மளிகைக் கடையிலும் சமையல் புத்தகத்திலும் வேர்க்கடலை. மதுரைப் பக்கம் போனால் வெறும் கடலை.

பருப்பு ஒன்றுதான். யூடியூபின் தேடல் பெட்டிக்கு இவை ஐந்து சொற்கள்.

சமையல் சேனல் நடத்துபவர் வீடியோவுக்கு ஒரு நாள் உழைத்துவிட்டு, தலைப்பை இரண்டு நிமிடத்தில் எழுதி முடிப்பது வழக்கம். இந்த அத்தியாயம் அந்த இரண்டு நிமிடத்தை ஒரு மணி நேரமாக்குகிறது. பனமலை வீடு ஒன்றில் எடுக்கப்பட்ட மல்லாட்டைச் சட்னி வீடியோ, நீளம் 6 நிமிடம் 40 விநாடி என்று வைத்துக்கொண்டு, தலைப்பு முதல் பகுதிப் பெயர் வரை படிப்படியாக எழுதிப் பார்க்கலாம்.

தேடல் வேறு, பரிந்துரை வேறு

தேடலில் வருபவர் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு வருகிறார். அவருக்கு வேண்டியது அந்தச் சொல்லுக்கான விடை. தலைப்பும் குறிப்பும் அந்தச் சொல்லோடு பொருந்துகின்றனவா, அந்தச் சொல்லுக்காக வந்தவர்கள் வீடியோவைத் தொடர்ந்து பார்த்தார்களா என்பதை யூடியூப் கவனிக்கிறது.

பரிந்துரையில் வருபவர் எதையும் தட்டவில்லை. வேறொரு சட்னி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவரின் திரை ஓரத்தில் நம் வீடியோ தோன்றுகிறது. அங்கே குறிப்பை யாரும் படிப்பதில்லை. சிறுபடமும் தலைப்பும் சேர்ந்து அவரைத் தொட வைக்க வேண்டும், தொட்டபின் அவர் தங்க வேண்டும். ஆகவே தலைப்பு இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. குறிப்பு பெரும்பாலும் தேடலுக்கு. பகுதிப் பெயர்கள் தேடலுக்கும், வந்தவர் வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்கும்.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுப்பது

1. உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து யூடியூபுக்குப் போகவும். வழக்கமான கணக்கில் தேடினால், ஏற்கெனவே பார்த்தவற்றின் சாயல் முடிவுகளில் கலந்துவிடும்.
2. தேடல் பெட்டியில் ஒவ்வொரு பெயரையும் பாதி தட்டி நிறுத்தவும். கீழே விரியும் பரிந்துரைச் சொற்கள் மக்கள் உண்மையில் தேடுபவை. அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளவும்.
3. தமிழில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை என இரண்டு விதமாகவும் தட்டிப் பார்க்கவும்: `வேர்க்கடலை சட்னி`, `verkadalai chutney`, `peanut chutney in tamil`.
4. கூகுள் டிரெண்ட்ஸ் பக்கத்தில் இந்தச் சொற்களை ஒப்பிடவும். அங்கே தேடல் வகையை `YouTube Search` என்றும், இடத்தைத் தமிழ்நாடு என்றும் மாற்ற வேண்டும். குறைவாகத் தேடப்படும் சொல்லுக்கு அங்கே கோடு வராது. மல்லாட்டை போன்ற வட்டாரச் சொல்லுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.
5. மேலே வந்த ஒவ்வொரு சொல்லையும் தேடி, முதல் ஐந்து முடிவுகளைப் பார்க்கவும். அவை நம் பண்டம்தானா?

ஐந்தாவது செயலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். `kadalai chutney` என்பது சுருக்கமான, கவர்ச்சியான சொல். ஆனால் அதைத் தட்டுபவர்களில் ஒரு பகுதியினர் மனதில் இருப்பது பொட்டுக்கடலைச் சட்னி. அவர்கள் வந்து, வாணலியில் வேறு பருப்பைக் கண்டதும் போய்விடுவார்கள். கூட்டம் அதிகமான சொல்லைவிட, பொருள் குழம்பாத சொல் நல்லது. நம் வீடியோவுக்கு முதன்மைச் சொல் வேர்க்கடலை சட்னி. ஆங்கில எழுத்தில் `verkadalai chutney`. மல்லாட்டை, மணிலா ஆகியவை குறிப்புக்குள் போகும்.

*உதவிக்குறிப்பு:* ழகரம் வரும் பண்டங்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல் சிதறும். குழம்பை `kuzhambu` என்றும் `kulambu` என்றும் `kolambu` என்றும் தட்டுகிறார்கள். மூன்றையும் தலைப்பில் அடுக்க வேண்டாம். எழுத்துப் பிழைகளை யூடியூப் ஓரளவு தானே புரிந்துகொள்ளும். ஒன்று தலைப்பில், ஒன்று குறிப்பில் இருந்தால் போதும்.

படி 2: தலைப்பு

தலைப்புக்கு யூடியூப் தரும் இடம் 100 குறிகள். தமிழில் எழுதுபவர் இங்கே ஒரு கணக்கை அறிந்திருக்க வேண்டும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் உயிர்மெய், கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு குறிகள். புள்ளியும் தனிக் குறி. 'வேர்க்கடலை' என்பது நமக்கு 6 எழுத்து, யூடியூபின் எண்ணிக்கையில் 10. தமிழ்த் தலைப்பு எதிர்பார்த்ததற்கு முன்பே எல்லையைத் தொட்டுவிடுவது இதனால்தான்.

எல்லை 100 என்றாலும் அதை நிரப்ப வேண்டியதில்லை. செல்போன் திரையில் நீளத் தலைப்பின் வால் வெட்டப்பட்டு மூன்று புள்ளிகள் மட்டும் நிற்கும். ஆகவே பண்டத்தின் பெயர் முதலில் வர வேண்டும்.

அடிக்கடி கண்ணில் படும் வகைத் தலைப்பு இப்படி இருக்கும்:

```
அய்யோ!! இப்படி ஒரு சட்னியா 😱 10 இட்லி பத்தாது | Side dish
```

இதில் எந்தச் சட்னி என்பது இல்லை. தேடலில் இது யாருக்கும் விடை அல்ல. பரிந்துரையில் பார்ப்பவருக்கும், இதே பாணியில் வரும் நூறு தலைப்புகளில் இது ஒன்று.

திருத்தி எழுதும் வரிசை:

1. முதலில் முதன்மைச் சொல்: வேர்க்கடலை சட்னி.
2. அடுத்து, அந்தப் பண்டத்தில் வீட்டில் உண்மையாக வரும் ஒரு சிக்கல். வேர்க்கடலைச் சட்னியில் அது கசப்பு. பருப்பு ஒரு பக்கம் கருகினாலும், பூஞ்சை பிடித்த பருப்பு ஒன்றிரண்டு கலந்தாலும் மொத்தச் சட்னியும் கசக்கும்.
3. கடைசியில் ஆங்கில எழுத்தில் பெயர்.

```
வேர்க்கடலை சட்னி கசக்காமல் அரைக்க | Verkadalai Chutney in Tamil
```

மொத்தம் 63 குறிகள். வால் வெட்டப்பட்டாலும் முன்பாதி தனியே நின்று பொருள் தரும்.

ஊர்ப் பெயரைத் தலைப்பில் சேர்க்கலாமா என்ற கேள்வி இங்கே எழும். பனமலை என்று தேடுபவர் பெரும்பாலும் தேடுவது பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலையும், அங்குள்ள பார்வதி ஓவியத்தையும். அவருக்குச் சட்னி வேண்டாம். சட்னி வேண்டியவர் பனமலை என்று தட்டப் போவதும் இல்லை. கோயில் அன்னதானச் சமையலை எடுத்த வீடியோ என்றால் கணக்கு மாறும். அப்போது ஊர்ப் பெயரே முதன்மைச் சொல்லாகும். சட்னிக்கு, ஊர் குறிப்பில் இருந்தால் போதும்.

தலைப்பை முழுக்க ஆங்கிலத்தில் வைத்து வென்ற சேனல்கள் உண்டே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் பேசுவது தமிழில், தலைப்பு வைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2021 ஜூலையில் 1 கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. ஆனால் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைப்பதைப் பார்க்க மொழி தேவையில்லை. அதன் பார்வையாளர் உலகம் முழுவதும் இருக்கிறார். ஒரு வீட்டுச் சட்னியின் பக்குவத்தைச் சொல்லும் வீடியோவுக்குப் பேச்சு புரிந்தாக வேண்டும். அதற்குத் தமிழ்த் தலைப்பே சரியான ஆளை அழைத்து வரும்.

படி 3: குறிப்பு

குறிப்புக்கு 5,000 குறிகள் வரை இடம் உண்டு. பார்ப்பவர் 'மேலும்' என்பதைத் தொடும் வரை கண்ணில் படுவது முதல் ஓரிரண்டு வரிகள்தான். அந்த இடத்தில் "வணக்கம் நண்பர்களே, சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று எழுதினால் இருந்த நல்ல இடம் போய்விட்டது.

எழுத வேண்டிய வரிசை:

1. முதல் இரண்டு வாக்கியம். பண்டம் என்ன, எதற்குத் தொட்டுக்கொள்ள, இந்த வீடியோவில் என்ன தெரிந்துகொள்ளலாம்.
2. மற்றப் பெயர்கள். அடுக்காமல் வாக்கியத்தில் எழுத வேண்டும்.
3. பொருள்களும் அளவும். வீடியோவில் சொன்ன அதே அளவு.
4. பகுதிகளின் நேரம்.
5. தொடர்புள்ள வீடியோவின் இணைப்பு. ஒன்று அல்லது இரண்டு.
6. ஹேஷ்டேக். மூன்று போதும். 60-க்கு மேல் போட்டால் யூடியூப் எதையுமே கணக்கில் எடுக்காது.

பனமலைச் சட்னிக்கு முதல் பகுதி இப்படி அமையும்:

```
இட்லி, தோசைக்கு வேர்க்கடலை சட்னி கசக்காமல் அரைக்கும் முறை.
பருப்பைப் பொறுக்குவது, கருகாமல் வறுப்பது, கசந்தால் செய்வது.

விழுப்புரம் பக்கம் இதை மல்லாட்டைச் சட்னி என்றும் மணிலா
சட்னி என்றும் சொல்வார்கள். பனமலை வீட்டுப் பக்குவம்.

தேவையானவை (4 பேருக்கு):
வேர்க்கடலை - 1 கப்
காய்ந்த மிளகாய் - 4
பூண்டு - 2 பல்
புளி - சிறு துண்டு
உப்பு - தேவைக்கு
கவனம்: வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்.
```

மல்லாட்டை என்று தேடும் நாலு பேருக்கும் இந்த வீடியோ இப்போது கிடைக்கும். சென்னையில் வேர்க்கடலை என்று தேடுபவருக்கு அந்த வரி ஒரு புதுத் தகவல். வட்டாரச் சொல்லை வாக்கியத்துக்குள் வைத்தால் தேடலும் நடக்கும், படிப்பவருக்கும் உறுத்தாது.

செய்யக் கூடாதவை

- குறிப்பின் அடியில் ஐம்பது தேடுசொற்களைக் காற்புள்ளியிட்டுக் கொட்டுவது. யூடியூபின் விதிப்படி இது தடை செய்யப்பட்டது. வீடியோவே நீக்கப்படலாம்.
- வீடியோவில் இல்லாத பிரபல சேனலின் பெயரையோ நடிகர் பெயரையோ சேர்ப்பது. இதுவும் அதே விதிக்குள் வரும்.
- "சர்க்கரை நோய் ஓடிவிடும்" போன்ற வாக்குறுதி. மருத்துவத் தவறான தகவலுக்குத் தனி விதி இருக்கிறது. அதற்கும் மேலாக, நம்பி மாத்திரையை நிறுத்துபவர் எங்கோ ஒருவர் இருப்பார்.
- வீட்டு முகவரியும் சொந்தக் கைபேசி எண்ணும். பொடி விற்பவர் தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொள்வது நல்லது.
- `<`, `>` ஆகிய குறிகள். தலைப்பிலும் குறிப்பிலும் இவை ஏற்கப்படாது.

டேக் பெட்டியைப் பற்றி ஒரு வரி. அதன் பங்கு மிகச் சிறியது என்று யூடியூபே சொல்கிறது. எழுத்துக்கூட்டல் மாறும் சொற்களுக்கு மட்டும் அது உதவும். `mallattai chutney`, `manila chutney`, `ver kadalai chutney` ஆகிய மூன்றையும் அங்கே போட்டுவிட்டு மேலே போகலாம்.

படி 4: பகுதிகளும் பெயர்களும்

பகுதி பிரித்த வீடியோவில், கீழே ஓடும் கோடு துண்டு துண்டாகத் தெரியும். கூகுள் தேடலிலும் இந்தப் பகுதிகள் முக்கியத் தருணங்களாகத் தனியே காட்டப்படலாம். "வேர்க்கடலை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்" என்று தேடுபவர் நேராக அந்த விநாடியில் வந்து இறங்க வழி இதுதான்.

விதிகள் நான்கு:

1. முதல் வரி `0:00` என்று தொடங்க வேண்டும்.
2. குறைந்தது மூன்று நேரங்கள் வேண்டும்.
3. நேரங்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும்.
4. ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 10 விநாடி நீள வேண்டும்.

பகுதிப் பெயரில் "அறிமுகம்", "செய்முறை", "முடிவு" என்று எழுதுவது வீண். எந்தச் சமையலுக்கும் பொருந்தும் சொல்லை யாரும் தேடுவதில்லை. ஒவ்வொரு பெயரிலும் ஒரு பொருளோ ஒரு செயலோ இருக்க வேண்டும்.

```
0:00 கசக்காத சட்னியின் பதம்
0:25 வேர்க்கடலை பொறுக்குதல்
1:10 கருகாமல் வறுக்கும் பக்குவம்
2:40 தோல் நீக்குதல்
3:20 மிளகாய், புளி அளவு
4:05 தண்ணீர் விட்டு அரைத்தல்
5:15 தாளிப்பு
5:50 கசந்தால் என்ன செய்வது
```

கடைசிப் பகுதியில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். லேசாகக் கருகிய கசப்பைத் தேங்காய் சேர்த்துக் குறைக்கலாம். பூஞ்சைக் கசப்பு என்றால் சட்னியைக் கொட்டிவிட வேண்டும். பகுதிப் பெயர் கேட்ட கேள்விக்கு அந்தப் பகுதியில் விடை இல்லாவிட்டால், பார்ப்பவர் அங்கேயே மூடிவிடுவார்.

பகுதிகள் தெரியவில்லையா?

வெளியிட்ட பிறகு செல்போனில் திறந்து பார்க்கவும். கோடு துண்டாகாமல் முழுசாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: `0:25` என்பதற்குப் பதில் `0.25` என்று புள்ளி வைத்திருப்பது, முதல் நேரம் `0:05` ஆக இருப்பது, ஏதோ ஒரு பகுதி 8 விநாடியில் முடிந்துவிடுவது. மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், சேனலுக்கு விதிமீறல் எச்சரிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் இந்த வசதி கிடைக்காமல் போகலாம்.

இன்னொரு பொறி உண்டு. வெளியிட்டபின் யூடியூபின் எடிட்டரில் முன்பகுதியில் 15 விநாடி வெட்டினால், குறிப்பில் எழுதிய நேரங்கள் தாமாக நகராது. தாளிப்பு என்று தொட்டவர் கறிவேப்பிலை பொரிந்து முடிந்த இடத்தில் போய் நிற்பார். வெட்டிய அன்றே நேரங்களையும் திருத்த வேண்டும்.

படி 5: மொழி அமைப்பு

வீடியோவின் மொழி, தலைப்பு மற்றும் குறிப்பின் மொழி ஆகிய இரண்டையும் ஸ்டூடியோவில் தமிழ் என்று குறிக்கவும். மலேசியா, சிங்கப்பூர் பார்வையாளர்களுக்காக ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்கலாம். ஆனால் அந்தத் தலைப்பு யாருக்குத் தெரியும் என்பது பார்ப்பவரின் மொழி அமைப்பைப் பொறுத்தது. விழுப்புரத்திலும் பலர் செல்போனை ஆங்கில அமைப்பில்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தலைப்பு மறைந்து ஆங்கிலத் தலைப்பு தெரியலாம். ஆகவே மொழிபெயர்த்த தலைப்பிலும் 'வேர்க்கடலை சட்னி' என்ற தமிழ்ச் சொல்லை விட்டுவைப்பது பாதுகாப்பு.

படி 6: 28 நாள் கழித்துப் பார்ப்பது

ஸ்டூடியோவின் Analytics பக்கத்தில் வீடியோவுக்கான வருகை வழிகள் தெரியும். `YouTube search` என்பதைத் தொட்டால், எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்ற பட்டியல் விரியும். `Suggested videos` என்பதைத் தொட்டால், எந்த வீடியோவின் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பது தெரியும்.

அங்கே இரண்டு எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, சிறுபடம் கண்ணில் பட்டவர்களில் தொட்டவர்கள் விகிதம். யூடியூபில் உள்ள சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு இது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் இருக்கிறது என்று அந்நிறுவனமே சொல்கிறது. இன்னொன்று, முதல் 30 விநாடிக்குப் பிறகும் இருந்தவர்கள்.

- தொட்டவர் குறைவு, தங்கியவர் அதிகம்: வீடியோ நன்றாக இருக்கிறது. தலைப்பும் சிறுபடமும்தான் திருத்த வேண்டியவை.
- தொட்டவர் அதிகம், தங்கியவர் குறைவு: தலைப்பு சொன்னது வீடியோவின் தொடக்கத்தில் இல்லை. கசப்பைப் பற்றிய பேச்சு முதல் 25 விநாடியில் வருகிறதா என்று பார்க்கவும்.
- தேடுசொல் பட்டியலில் பொட்டுக்கடலை அதிகம்: குறிப்பிலோ டேக்கிலோ வெறும் 'கடலை சட்னி' எங்கோ நிற்கிறது. அதை நீக்கவும்.
- பரிந்துரை பெரும்பாலும் ஒரே வகை வீடியோக்களிலிருந்து, எடுத்துக்காட்டாக இட்லி மாவு அரைக்கும் வீடியோக்களிலிருந்து வருகிறது: அடுத்த வீடியோ எது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே பட்டியலில் கோத்து, குறிப்பில் இணைப்பும் கொடுக்கவும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தலைப்பையும் சிறுபடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. பழைய தலைப்பு, புதுத் தலைப்பு, மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். முன்னைவிட மோசமானால் திரும்பிப் போக வழி அதுதான்.

ஏற்கெனவே வெளியான வீடியோவுக்கும் இந்த ஆறு படிகள் பொருந்தும். தலைப்பு, குறிப்பு, பகுதி நேரம் எல்லாவற்றையும் வீடியோவைத் திரும்ப ஏற்றாமலே ஸ்டூடியோவில் திருத்தலாம். பார்வைக் கணக்கும் கருத்துகளும் அப்படியே இருக்கும். சேனலில் தேடல் வழியாக ஏற்கெனவே அதிகம் பேர் வரும் ஐந்து வீடியோக்களை எடுத்து, அவற்றின் குறிப்பில் `0:00` வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கவும்.